போனில் கேட்டு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது: புதிய தன்னார்வலர்களுக்கு

டெல்டா கிராமங்களில் பெரியவர்கள் சென்னைக்குப் போவது பெரும்பாலும் கண் பரிசோதனைக்கோ, மகன் வீட்டுக்கோ, ஒரு கல்யாணத்துக்கோதான். கையில் பட்டன் போன் இருக்கும். முன்பதிவு கவுண்டரோ பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரத்தில் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இருக்கும். இவர்கள் போனில் சொல்ல, தெருவில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் விவரங்களைப் பதிந்து டிக்கெட் எடுத்துத் தருவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறோம். ஐஆர்சிடிசி செயலியில் ஏற்கெனவே தனக்கு டிக்கெட் எடுத்துப் பழகியவருக்குத்தான் இந்தக் குறிப்பு. அவருக்குப் புதிதாக இருப்பது திரை அல்ல, எதிர்முனையில் இருப்பவர். தவறுகள் பெரும்பாலும் காதில்தான் நடக்கின்றன, தட்டச்சில் அல்ல. அதனால் போன் பேசும் பகுதிக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யாருடைய கணக்கில் எடுப்பது

இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். தனிநபர் கணக்கில் சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் எடுத்துத் தரலாம். டிக்கெட் எடுத்து விற்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆகவே டிக்கெட்டில் அச்சாகும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "டீ குடிச்சுக்கப்பா" என்று கொடுப்பதையும் வாங்கக் கூடாது. அது வழக்கமாகிவிட்டால் அடுத்தவர் அதைக் கட்டணம் என்றே நினைத்துக்கொள்வார்.

ஒரே ஆள் தன் கணக்கில் ஊருக்கே எடுத்துத் தருவதும் சரிவராது. ஆதார் இணைக்காத கணக்கில் மாதம் 12 டிக்கெட், இணைத்த கணக்கில் 24 டிக்கெட் என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு இல்லாவிட்டாலும் நாங்கள் வேறு வழியைத்தான் சொல்வோம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். கீழத்தெருப் பெரியவர்களுக்குக் கீழத்தெருப் பெண்ணே எடுத்துத் தரட்டும். குரல் தெரிந்தவர், வீடு தெரிந்தவர், சிறு வயதிலிருந்து பார்த்தவர் என்றால் சட்டப்படியும் சங்கடம் இல்லை, பெரியவருக்கும் பயம் இல்லை. முன்பின் தெரியாத ஊரிலிருந்து ஒருவர் நம்பர் வாங்கி அழைத்தால், அவருடைய தெருவில் இருக்கும் தன்னார்வலரிடம் அனுப்புங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, வீட்டு ஆள் ஒருவரைக் கவுண்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். படிவம் கவுண்டரில் இலவசமாகவே கிடைக்கும். நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு படிவத்தில் 6 பேர் வரை எழுதலாம்.

தட்கலை மட்டும் போன் வழியாக எடுக்க முயல வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து அதற்கு ஆதார் சரிபார்த்த கணக்கும் ஓடிபியும் தேவைப்படுகின்றன. ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறந்தவுடனே இடங்கள் போய்விடும். பெயர் சரிதானா என்று நிதானமாகக் கேட்க அதில் நேரம் இருக்காது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது என்பதைப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி குறித்துக் கொடுத்த அன்றே அவர்கள் உங்களைக் கூப்பிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் அழைப்பு: திரையைத் திறக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியவர் சொல்லச் சொல்ல நேரடியாகப் பதிவார்கள். இது வேண்டாம். பெரியவர் தன் வரிசையில்தான் சொல்வார். முதலில் எதற்குப் போகிறோம் என்பது வரும், பிறகு யார் வீட்டில் தங்குவோம் என்பது வரும், கடைசியில்தான் தேதி வரும். செயலி கேட்கும் வரிசை வேறு. அதற்காக அவரை இடைமறித்தால் அவர் தடுமாறுவார். நீங்கள் யோசிக்கும் நேரத்தில் செயலியும் வெளியேறிவிடும். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு பயணம் என்று வைத்து, அவர் சொல்வதை அவர் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் விடுபட்டதை மட்டும் கேளுங்கள்.

தேதிதான் அதிகமாகத் தவறும். "வர்ற வெள்ளிக்கிழமை" என்று செவ்வாய்க்கிழமை ஒருவர் சொன்னால் அது மூன்று நாளில் வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சிலர் தமிழ்த் தேதியில் சொல்வார்கள். "தை அஞ்சு" என்பது ஜனவரி 5 அல்ல என்பதை அவசரத்தில் மறந்துவிடக் கூடாது. பெரியவர் வீட்டில் தினசரி காலண்டர் தொங்கும். "காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் தேதியும் கிழமையும் சேர்த்துச் சொல்லுங்க பெரியப்பா" என்று கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுத வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று தப்பு, அங்கேயே நின்று தீர்த்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே இன்னொரு சிக்கல் நள்ளிரவு. தெற்கிலிருந்து வரும் சில வண்டிகள் நம் பக்கத்து நிலையங்களுக்கு 12 மணிக்குப் பிறகு வந்து சேரும். பெரியவருக்கு அது ஞாயிறு ராத்திரி. முன்பதிவில் அது திங்கட்கிழமை. பதிய வேண்டிய தேதி, ஏறும் நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும் தேதி. ஞாயிறு என்று பதிந்துவிட்டால் ஒருநாள் முன்னதாக ஓடிய வண்டிக்கு டிக்கெட் கையில் இருக்கும். நள்ளிரவு தாண்டிய வண்டி என்றால், "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போகணும், வண்டி வரும்போது திங்கட்கிழமை பொறந்துரும்" என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.

வண்டியை எண்ணோடு எழுதுங்கள். பெரியவர்கள் பெயரால்தான் கேட்பார்கள். போனில் "சோழன்" என்பதும் "உழவன்" என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். சோழன் பகல் வண்டி, உழவன் இரவு வண்டி. "பகல்ல போறதா, படுத்துக்கிட்டுப் போறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் குழப்பம் தீரும். ராமேஸ்வரம் வண்டியை இன்னும் "போட் மெயில்" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பெயரைச் செயலியில் தேடிப் பயனில்லை.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். திருவாரூரும் திருவள்ளூரும் தேடல் பட்டியலில் அடுத்தடுத்து வரும். நாகூரும் நாகர்கோவிலும் அப்படித்தான். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் நிலையக் குறியீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தஞ்சாவூர் TJ, கும்பகோணம் KMU, மயிலாடுதுறை MV, திருவாரூர் TVR, மன்னார்குடி MQ. சென்னை எழும்பூர் MS, தாம்பரம் TBM. நோட்டின் உள்ளட்டையில் இவற்றை எழுதி ஒட்டி வையுங்கள். சென்னையில் எங்கே இறங்க வேண்டும் என்பதை, அவர்களைக் கூட்டிப்போக வருபவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். குரோம்பேட்டையில் இருக்கும் மகனுக்காக எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை.

பெயரும் வயதும் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், நினைவிலிருந்து அல்ல. பயணத்தில் எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறாரோ அந்த அட்டையைக் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். கோவிந்தராசு என்று ஒருவர் என வைத்துக்கொள்வோம். ஊரில் ராசு, வாக்காளர் அட்டையில் Govindaraju, ஆதாரில் Govindarasu S. தமிழ்ப் பெயர் ஒன்றுதான், ஆங்கில எழுத்து அட்டைக்கு அட்டை மாறும். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒவ்வோர் எழுத்தாகக் கேளுங்கள். பிள்ளை இல்லையா, போகிற வழியில் நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வயதைக் கேட்டால் "எழுவது எழுவத்தஞ்சு இருக்கும்" என்று பதில் வரும். அட்டையில் உள்ள பிறந்த ஆண்டைக் கேட்டு, பயண நாளில் என்ன வயது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மூத்தோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு வயதைப் பொறுத்தது. வண்டியில் வயதுச் சான்றைக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

பெயரும் வயதும் போதும். ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள், அவராகவே படிக்க ஆரம்பித்தாலும் நிறுத்துங்கள். சாதாரண முன்பதிவில் ஒவ்வொரு பயணியின் ஆதார் எண்ணும் தேவையில்லை. எழுதி வைத்தால் உங்கள் நோட்டு தொலைந்தால் ஆபத்தான பொருளாகிவிடும்.

கடைசியாக இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கும். "படி ஏற முடியுமா, நடுப் படுக்கை கொடுத்தா ஏறுவீங்களா?" என்பது ஒன்று. "ராத்திரி பாத்ரூம் போக யாராவது கூட வரணுமா?" என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் டிக்கெட்டை ஒன்றாக எடுப்பதா, பிரித்து எடுப்பதா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும். அதைக் கீழே பார்க்கப் போகிறோம்.

போனை வைத்துவிட்டுத் தேடுங்கள்

"பார்த்துட்டு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். இப்போது நிதானமாக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு 11.45 முதல் 12.20 வரை ஐஆர்சிடிசியில் பதிவு நடக்காது. அந்த நேரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது LOWER BERTH/SR.CITIZEN என்ற ஒதுக்கீடு. தேடும் பக்கத்தில் GENERAL என்று இருக்கும் பெட்டியைத் தட்டினால் கிடைக்கும். 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் இதில் எடுக்கலாம். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் ஆறேழு கீழ்ப்படுக்கைகள் இதற்கென வைக்கப்பட்டிருக்கின்றன, மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும்தான் இருக்கலாம், அந்த இருவரும் வயதுத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். கட்டணச் சலுகை இதில் கிடையாது. மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பெரியவர்கள் பலர் அது இன்னும் இருக்கிறது என்று எண்ணி, தொகையைக் கேட்டதும் நீங்கள் அதிகம் சொல்வதாக நினைப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோவிந்தராசுவுக்கு 74, அவர் மனைவிக்கு 68, துணைக்குப் பேரன், வயது 24. கும்பகோணத்தில் ஏறி எழும்பூரில் இறங்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் கண் ஆஸ்பத்திரி, ஞாயிறு இரவு உழவன் எக்ஸ்பிரஸ், எண் 16866, ஸ்லீப்பர். மூவரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் மூத்தோர் ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. பேரனுக்கு வயது இல்லை, எண்ணிக்கையும் மூன்று. அப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன.

பெரியவர்கள் இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டும் பேரனுக்குப் பொது ஒதுக்கீட்டில் தனி டிக்கெட்டும் எடுக்கலாம். இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்க இதுதான் நம்பகமான வழி. ஆனால் பேரன் வேறு பெட்டிக்குப் போய்விடக்கூடும். இரண்டாவது வழி, மூவரையும் பொது ஒதுக்கீட்டில் ஒரே டிக்கெட்டாக எடுப்பது. வயதைப் பார்த்துக் கணினியே பெரியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கொடுக்க முயலும், ஆனால் அது மிச்சம் இருந்தால்தான். பெரும்பாலும் மூவரும் அருகருகே இருப்பார்கள்.

எது சரி என்பது அந்த இரண்டாவது கேள்வியின் பதிலைப் பொறுத்தது. தாத்தாவும் பாட்டியும் தாங்களாகவே எழுந்து நடப்பவர்கள் என்றால் பிரித்து எடுங்கள். ராத்திரி ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய நிலை என்றால், கீழ்ப்படுக்கைக்காகப் பேரனை நாலு பெட்டி தள்ளி அனுப்பக் கூடாது. அப்போது ஒரே டிக்கெட்டுதான் நல்லது. கீழ்ப்படுக்கை இன்னும் நிறைய மிச்சமிருக்கும் வேறு நாளையும் பார்த்து வையுங்கள். இதில் முடிவு குடும்பத்தினுடையது. உங்கள் வேலை இரண்டையும் அவர்களுக்குப் புரியும்படி சொல்வது.

இரண்டாம் அழைப்பு: படித்துக் காட்டுவது

எழுதியதைத் திருப்பிப் படிக்கும்போது "சரிதானே?" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் "ஆமாம்பா" என்றுதான் சொல்வார்கள். காது சரியாகக் கேட்காதவர் இன்னும் சீக்கிரமாகவே சொல்வார். பதிலை அவர் வாயால் வரவையுங்கள். "என்னிக்கு ராத்திரி ஸ்டேஷனுக்குக் கிளம்புவீங்க?", "எந்த ஸ்டேஷன்ல ஏறுவீங்க?", "கையில எந்தக் கார்டை எடுத்துட்டுப் போவீங்க?" அவர் சொல்வது நோட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

போன் எண்ணை இரண்டு விதமாகப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் ஐந்து ஐந்தாக, பிறகு இரண்டிரண்டாக. ஒரே மாதிரி இருமுறை சொன்னால் ஒரே தவறும் இருமுறை வரும். "டபுள்" என்று சொன்னால் அதை விரித்துச் சொல்லச் சொல்லுங்கள். இதைவிடச் சுலபமான சோதனை அவர் கூப்பிட்ட எண்ணையே பார்ப்பது. ஆனால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் கேட்டுவிட வேண்டும்.

தொகையையும் இப்போதே சொல்லுங்கள். இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் இரண்டு முறை சேவைக் கட்டணம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எடுத்துரு" என்று அவர் தெளிவாகச் சொன்ன பிறகுதான் பதிவுக்குப் போக வேண்டும்.

ஒன்றை நேரில் பார்க்கும்போதே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். டிக்கெட்டுக்காக நாங்கள் ஓடிபியோ, பேங்க் கார்டு நம்பரோ, ஆதார் நம்பரோ போனில் கேட்கவே மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். இந்த ஏற்பாடு ஊரில் தெரிய வந்தால், அதே பெயரில் ஏமாற்றுபவர் கூப்பிடும் வாய்ப்பும் கூடவே வருகிறது. அதனால்தான் நம் வழக்கத்தில் ஓடிபிக்கு இடமே வைக்கக் கூடாது.

பதிவு

இப்போது செயலி. நோட்டு பக்கத்தில் இருந்தால் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கவனிக்க வேண்டியவை சில இடங்கள்தான்.

மூத்தோர் ஒதுக்கீட்டு டிக்கெட்டை முதலில் எடுங்கள், பேரனுடையதைப் பிறகு. முதலாவது கிடைக்காவிட்டால் திட்டமே மாறும், அப்போது பேரன் டிக்கெட் கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. "Book only if confirm berths are allotted" என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். நீங்கள் பணம் கட்டும் நேரத்துக்குள் இடம் தீர்ந்துவிட்டால், காத்திருப்பு டிக்கெட் விழாமல் பதிவே நின்றுவிடும். படுக்கை உறுதியாகாத இணைய டிக்கெட்டை வைத்துக்கொண்டு பெரியவர் ஸ்டேஷனில் நிற்க நேராமல் இது காக்கிறது.

தொடர்பு எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண் தானாகவே நிரம்பியிருக்கும். அதை அழித்துப் பயணியின் எண்ணைப் போடுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். வண்டி தாமதம், ரத்து, படுக்கை விவரம் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். நீங்கள் அன்று ஊரில் இல்லாமல் இருக்கலாம், பயணியின் போன் பயணியோடுதான் இருக்கும். அந்தக் குறுஞ்செய்தியும் அசல் அடையாள அட்டையும் இருந்தால் பயணத்துக்குப் போதும் என்பதால் பட்டன் போன்காரருக்கு இது இரட்டைப் பயன்.

பணம் கட்டும்போது தொகை பிடிக்கப்பட்டு டிக்கெட் வராமல் போவதுண்டு. உடனே மறுபடி பதியாதீர்கள். முதலில் பதிவு வரலாற்றில் டிக்கெட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் இரண்டாவது பதிவு இன்னொரு டிக்கெட்டாகிவிடும், அதை ரத்து செய்யக் கழிவு போகும். விழவில்லை என்றால் தொகை கணக்குக்குத் திரும்பிவிடும். ஆனால் ஓரிரு நாள் ஆகலாம் என்பதால், தன்னார்வலர் கணக்கில் அடுத்த டிக்கெட்டுக்குப் பணம் இல்லாமல் போகலாம். குடும்பத்தில் ஒருவரே பணம் அனுப்பிய பிறகு பதிவது நல்லது.

டிக்கெட்டை அவர் கையில் சேர்ப்பது

குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வரும். பெரியவருக்கு அது எண்களின் குவியல். அதனால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எங்கள் சீட்டு இப்படி இருக்கும்:

ஞாயிற்றுக்கிழமை இரவு, கும்பகோணம் ஸ்டேஷன்
உழவன் எக்ஸ்பிரஸ், 16866
பெட்டி S5
தாத்தா 33 (கீழே), பாட்டி 36 (கீழே)
பேரன்: பெட்டி S7, 14
இறங்குவது: எழும்பூர், கடைசி ஸ்டேஷன்
கையில்: ஆதார் அட்டை (அசல்)
பிஎன்ஆர்: பத்து எண்களும்

கிளம்பும் நேரத்தை அந்த நாளின் நேர அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் தனி வரியாகச் சேருங்கள். இருவருக்கும் ஒரே டிக்கெட் என்றால் அவர்களில் ஒருவரின் அசல் அட்டை போதும். என்றாலும் வயதுக்காக இருவரும் எடுத்துப்போவது பத்திரம். ஜெராக்ஸ் செல்லாது. பேரன் தன் அட்டையைத் தனியே கொண்டுவர வேண்டும். அவனுடையது வேறு டிக்கெட் என்பது அவனுக்கே தெரியாமல் போவதுண்டு.

படுக்கை எண் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று குறுஞ்செய்தியில் எப்போதும் இருக்காது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்ணை 8-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 2 அல்லது 5 வந்தால் நடு, 3 அல்லது 6 வந்தால் மேல், 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ், மீதி இல்லையென்றால் பக்கவாட்டு மேல். மேலே உள்ள 33-ஐ வகுத்தால் மீதி 1, 36-ஐ வகுத்தால் மீதி 4. எதிரெதிரே இரண்டு கீழ்ப்படுக்கைகள். பேரனின் 14-க்கு மீதி 6, மேல். இந்தக் கணக்குத் தெரிந்தால் போனிலேயே "கீழதான் தாத்தா, எதிர்ல பாட்டி" என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர்கள் காத்திருப்பார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டோடு சேர்த்து, வழியனுப்ப வருபவரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பெட்டி எங்கே நிற்கும் என்பதை ஸ்டேஷன் பலகையில் பார்த்து முன்கூட்டியே அந்த இடத்தில் நிற்க வைப்பது அவர் வேலை. கும்பகோணத்தில் வண்டி சில நிமிடமே நிற்கும். பெட்டி தாண்டிப் போய்விட்டால் மூட்டையோடு ஓட முடியாது.

மாற்றம் வந்தால்

ஆர்ஏசி டிக்கெட் என்றால், ஏறலாம் ஆனால் படுக்கை உறுதியில்லை, பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவராக உட்கார வேண்டியிருக்கலாம் என்று சொல்லுங்கள். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், பட்டியல் தயாராகும்போதும் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. இப்போது முதல் பட்டியல் வண்டி கிளம்பப் பல மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. காத்திருப்பில் இருப்பவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன் நீங்கள் நிலவரத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். நோட்டில் பயண நாளுக்கு எதிரே "கூப்பிடு" என்று எழுதி வையுங்கள். உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் 139-க்குப் பேசி பிஎன்ஆர் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் சீட்டின் பின்புறம் எழுதுங்கள்.

ஆஸ்பத்திரித் தேதி தள்ளிப்போனால் உடனே சொல்லச் சொல்லுங்கள். கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கக் கழிவு கூடும். ரத்து செய்யும்போது ஒரு டிக்கெட்டில் இருவர் இருந்தால் யாருடையதை என்று பெயரைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரன் மட்டும் வரவில்லை என்றால் அவனுடைய டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யலாம், பெரியவர்களுடையதைத் தொட வேண்டாம். பிரித்து எடுத்ததில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

இணைய டிக்கெட்டின் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். தன்னார்வலர் கட்டியிருந்தால் தன்னார்வலர் கணக்குக்கு வரும், பெரியவருக்கு அது தெரியாது. அதனால் பணம் வந்த அன்றே கழிவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நோட்டில் எழுதி, மீதியை நேரில் கொடுத்து, அதே பக்கத்தில் அவர் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்குங்கள். கவுண்டரில் எடுத்த டிக்கெட் என்றால் அந்தக் காகித டிக்கெட்டை ஒப்படைத்தால்தான் பணம் கிடைக்கும். அது தொலையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயணம் முடிந்து கணக்கும் தீர்ந்த பிறகு அந்தப் பக்கத்தில் உள்ள பெயர், பிறந்த ஆண்டு, போன் எண் பகுதியைக் கிழித்து எரித்துவிடுங்கள். பணக் கணக்கு வரிகளும் கையெழுத்தும் மட்டும் நோட்டில் இருக்கட்டும்.